ரிமோட் கைக்கு வந்த பிறகு நாடகத்தின் தொடக்கமும் முடிவும் எங்கே போயின?

கிண்ணியா வாத்தியார் | 2024 ஜூன் 7, மாலை

இப்போது வரும் நாடகங்களில் தொடக்கப் பாட்டு இருப்பதே தெரிவதில்லை. முடிவில் பெயர்கள் ஓடுகின்றன, ஆனால் மூலையில் எறும்பு போல. ஒன்று முடிந்து மற்றது எப்போது தொடங்கியது என்று பிடிக்க முடியவில்லை. எங்கள் பக்கம் ரூபவாஹினிச் சனல் மட்டும் பிடிபட்ட நாளில் ஒரு நிகழ்ச்சி முடிந்தால் முடிந்ததுதான். அறிவிப்பாளர் வந்து அடுத்ததைச் சொல்லுவார், நாங்கள் எழும்பிப் போய்த் தேநீர் ஊற்றிக்கொண்டு வருவோம். இந்த இடைவெளியைத் தின்றது ரிமோட்தான் என்று நான் சொல்லுகிறேன். இல்லை என்பவர்கள் காரணத்தோடு வாருங்கள்.

பாலையூற்றான் | ஜூன் 7, இரவு

பாதி சரி. எங்கள் வீட்டுக்கு ரிமோட் வைத்த ரிவி வந்தபோது பிடிபட்டவை இரண்டு சனல்கள், ரூபவாஹினியும் ஐ.ரி.என்.னும். அதில் ஒன்று காற்று திரும்பினால் புள்ளியாகிவிடும், யாராவது கூரையில் ஏறி அன்ரனாவைத் திருப்ப வேண்டும். ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவ ரிமோட் எதற்கு? அப்பா அதைப் பொலித்தீன் உறையோடு அலுமாரியில் வைத்திருந்தார். விருந்தாளி வந்தால் வெளியே வரும். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கத்தான் பாவித்தோம். அந்தக் காலத்து நிகழ்ச்சி எதையும் அந்த ரிமோட் மாற்றவில்லை. பொத்தான் இருந்து பயனில்லை, அமர்த்தினால் போக வேறு இடம் இருக்க வேண்டும்.

பாலையூற்றான் | ஜூன் 8

படுத்த பிறகு இன்னொன்று ஞாபகம் வந்தது. 2002இல் யுத்தநிறுத்த உடன்படிக்கைக்குப் பிறகு எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் பெரிய கம்பிவலை டிஷ் நட்டார்கள். ரிவி திருத்துகிறவன் என்று அண்ணனையும் என்னையும் வயர் இழுக்கக் கூப்பிட்டார்கள். டிஷ் பெட்டியின் பின்பக்கத்து ஆர்.எஃப். வாயிலிருந்து அன்ரனா வயரை எடுத்து, நடுவில் பூஸ்டர் ஒன்று வைத்து, வீடு வீடாகப் பிரித்துக் கொடுத்தோம். பிரிக்கப் பிரிக்கச் சிக்னல் இறங்கும். கடைசி வீட்டாருக்குப் படம் மழைக்குள் நடந்தது, காசு மட்டும் ஒரே காசு.

இங்கே கவனிக்க வேண்டியது, அத்தனை வீட்டுக்கும் பெட்டி ஒன்றுதான். டிஷ் வீட்டுக்காரர் எதைப் போடுகிறாரோ அதுதான் ஒழுங்கை முழுக்க. அவருக்கு விளம்பரம் என்றால் ஆகாது. விளம்பரம் வந்தவுடன் பாட்டுச் சனலுக்குத் தாவுவார், திரும்பி வர மறப்பார். பின்வீட்டுப் பிள்ளை வேலிக்கு மேலால் தலையை நீட்டி "மாமா, நாடகத்தைப் போடுங்கோ" என்று கத்தும். ஒரு நாள் அவர் நித்திரையாகிவிட்டார், விடியும் வரை ஒழுங்கை முழுக்கச் சமையல் நிகழ்ச்சி ஓடியது.

தாவிப் பார்க்கும் பழக்கம் எங்களுக்கு இப்படித்தான் அறிமுகம், இன்னொருவர் கையால். ஒரு காட்சி நடுவில் அறுந்து, வேறெங்கோ ஒரு காட்சி நடுவில் தொடங்கும். யார் யாருக்கு என்ன உறவு என்று ஊகித்துப் பார்க்கப் பழகினோம். இதைப் பிறகு திரும்பத் தொடுகிறேன், வாத்தியார் கேள்விக்கு இது வேண்டும்.

நிலாவெளி ஐயா | ஜூன் 8

தம்பிமார், ரிமோட் பற்றி விளங்கினவர்கள் பேசுகிறீர்கள் என்று கண்டு எழுதுகிறேன். எனது டிஷ் பெட்டி ரிமோட்டில் சனல் ஏற்றும் பொத்தான் மட்டும் வேலை செய்வதில்லை. இறக்கும் பொத்தான் நன்றாக இருக்கிறது. பற்றறி புதிது. இறக்கி இறக்கியே முழுச் சுற்று வருகிறேன். பெட்டியின் குறையா, ரிமோட்டின் குறையா?

பாலையூற்றான் | ஜூன் 8

ஐயா, பெட்டியில் குறை இல்லை. ஒரு பொத்தானுக்குப் பெட்டி பதில் சொல்லுகிறது என்றால் வாங்கும் கண் நன்றாக இருக்கிறது. கைபேசிக் கமராவைத் திறந்து ரிமோட்டின் மூக்கில் இருக்கும் சிறிய பல்பை அதில் பார்த்துக்கொண்டு இரண்டு பொத்தான்களையும் அமர்த்துங்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த அகச்சிவப்பு ஒளி கமராவில் ஊதா வெள்ளையாகச் சிமிட்டும். சில கைபேசியில் பின் கமரா அதைத் தடுத்துவிடும், முன் கமராவில் பாருங்கள். இறக்கும் பொத்தானுக்குச் சிமிட்டி ஏற்றும் பொத்தானுக்குச் சிமிட்டாவிட்டால், ரப்பரின் அடியில் இருக்கும் கறுப்புக் கார்பன் பொட்டு தேய்ந்திருக்கிறது, அல்லது அதன்மேல் அழுக்குப் பிடித்திருக்கிறது. கழற்றி, ரப்பரையும் அதற்குக் கீழே பலகையில் உள்ள கோடுகளையும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துக் காயவிட்டுப் பூட்டுங்கள். நிலாவெளி உப்புக்காற்றுக்கு பற்றறி சுருளும் பச்சை பிடிக்கும், அதையும் சுரண்டிவிடுங்கள். துடைத்தும் வரவில்லை என்றால் பொட்டு போய்விட்டது, புது ரிமோட் வாங்குவது மலிவு.

இன்னொன்று: இறக்கும் பொத்தானாலேயே முழுச் சுற்று வரும் ஆள் என்று நீங்கள் எழுதியது இந்த இழைக்கு நல்ல சாட்சி.

துறைமுக வீதி | ஜூன் 9

எல்லாரும் பழங்கதை பேசுகிறீர்கள். விசயம் இதுதான்: எல்லாச் சனலும் பேசிவைத்து ஒரே நேரத்தில் விளம்பரம் போடுகிறார்கள். நாங்கள் எங்கே தாவினாலும் சவர்க்காரம்தான். ரிமோட்டைத் தோற்கடிக்கச் செய்த சதி. கவனித்துப் பாருங்கள், பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாம் சேர்ந்து வரும்.

உவர்மலைக்காரி | ஜூன் 9

தம்பி, கொழும்பில் ஒரு சனலின் ஒளிபரப்பு மேசையில் நெடுங்காலம் இருந்தேன். எந்தச் சனல் என்று கேட்காதீர்கள். ஒரே கம்பனிக்கு இரண்டு மூன்று சனல் இருந்தால் இடைவேளையைச் சேர்த்து வைப்பது உண்டு, ஒரே விளம்பரத்தை ஒரே நிமிடத்தில் பல சனலில் வாங்கும் விளம்பரதாரரும் உண்டு. ஆனால் போட்டிச் சனல்கள் கூடிப் பேசத் தேவையில்லை. பேசாமலே ஒரே இடத்துக்கு வந்து சேருவார்கள், காரணம் அளவீடு.

அமெரிக்காவில் முன்பு வீடுகளுக்கு நாட்குறிப்புக் கொடுத்துப் பார்த்ததை எழுதச் சொன்னார்கள். கால் மணி நேரக் கட்டம் ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம் பார்த்தால் அந்தக் கட்டம் அந்தச் சனலுக்கு வரவு. இப்படிக் கணக்கு வைத்தால் நிகழ்ச்சி அமைப்பவர் என்ன செய்வார்? கால், அரை, முக்கால் என்று கட்டம் மாறுகிற இடத்தில் கதையை வைப்பார், பார்ப்பவரை இழுத்து அடுத்த கட்டத்துக்குள் கொண்டுபோய் இருத்திய பிறகுதான் விளம்பரத்துக்குப் போவார். எல்லாரும் இதே கணக்குப் போட்டால் எல்லார் இடைவேளையும் கட்டங்களின் நடுவில் விழும். அதைத்தான் நீங்கள் சதி என்கிறீர்கள்.

துறைமுக வீதி | ஜூன் 9

அப்போ ஒரே நேரத்தில் வருகிறது என்பது சரிதானே அக்கா. அதைத்தானே நானும் சொன்னேன்.

உவர்மலைக்காரி | ஜூன் 9

வருவது சரி. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்பதைக் கால், அரை, முக்கால் ஆகிற இடம் என்று எடுத்தால் பிழை, அந்த இடத்தைத் தவிர்க்கத்தான் பாடுபடுகிறோம்.

கிண்ணியா வாத்தியார் | ஜூன் 10

அக்கா, அளவீடு என்று எங்கேயோ போகிறீர்கள். நான் கேட்டது ரிமோட். ரிமோட்டைக் கண்டுபிடித்ததே சோம்பேறிகளுக்கு என்று எங்கோ வாசித்தேன். முதல் ரிமோட்டின் பெயரே அப்படித்தானாம்.

உவர்மலைக்காரி | ஜூன் 10

பெயர் சரி. 1950இல் செனித் கம்பனி விட்ட முதல் ரிமோட்டுக்கு 'லேசி போன்ஸ்' என்று பெயர். வயர் பூட்டியது, ஆட்கள் தடக்கி விழுந்தார்கள். ஆனால் அந்தக் கம்பனியை நடத்திய மக்டொனால்டு என்பவருக்கு விளம்பரம் என்றால் வெறுப்பு, அதை வாயடைக்க ஒரு கருவி வேண்டும் என்றுதான் எஞ்சினியர்களைத் துரத்தினார். 1955இல் பொலி என்பவர் செய்த 'பிளாஷ்மாட்டிக்' ஒரு ரோச் போல இருக்கும். திரையின் நாலு மூலையிலும் ஒளியுணர் கண்கள், ஒரு மூலையில் வெளிச்சம் அடித்தால் சத்தம் நிற்கும், இன்னொரு மூலையில் அடித்தால் சனல் சுற்றும். யன்னலால் வெயில் பட்டாலும் சனல் சுற்றும், அதுதான் அதன் கோளாறு. அடுத்த வருடமே அட்லர் என்பவர் ஒலியால் இயங்குவதைச் செய்தார். உள்ளே அலுமினியக் கம்பிகள், பொத்தானை அமர்த்தினால் சுத்தியல் தட்டும், காதுக்கு எட்டாத சத்தம் போகும். பற்றறியே தேவையில்லை.

ஆகவே வாத்தியார், விளம்பரத்திலிருந்து தப்புவது ரிமோட் பிறந்தபோதே அதற்கு இட்ட வேலை. ஆனால் 1955இல் தப்பியவர்களை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. சில சனல்கள், விலை கூடிய கருவி, அதை வைத்திருந்த வீடுகளும் கொஞ்சம். அதிலும் முக்கியம், அளப்பதற்கு மீற்றர் பூட்டிய சில வீடுகளிலும் அது ரிவி எந்தச் சனலில் நிற்கிறது என்றுதான் குறித்தது, யார் எழும்பிப் போனார் என்று சொல்லவில்லை.

பாலையூற்றான் | ஜூன் 10, இரவு

இப்போதுதான் சூடு பிடிக்கிறது. அக்கா, நான் பொத்தான் இருந்து பயனில்லை, போக இடம் வேண்டும் என்றேன். நீங்கள் மூன்றாவதைச் சேர்க்கிறீர்கள்: போனதைப் பார்க்க ஒரு கண் வேண்டும். எங்கள் டிஷ் வீட்டு மாமா தாவியதை எந்தத் தயாரிப்பாளரும் அறியமாட்டார். வேலிக்கு மேலால் கத்திய பிள்ளைதான் எங்கள் மீற்றர்.

அந்த மூன்றும் எப்போது சேர்ந்தன? தெரிந்தால் எழுதுங்கள். வாத்தியாரின் தேநீர் இடைவெளி போனது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

உவர்மலைக்காரி | ஜூன் 11

அமெரிக்காவில் என்றால் 1980களில். கேபிள் வந்து சனல்கள் பெருகின, அகச்சிவப்பு ரிமோட் மலிந்தது, 1987இல் பார்ப்பவர்களை அளக்கும் நீல்சன் கம்பனி, பார்க்கிற ஒவ்வொருவரும் தன் பொத்தானை அமர்த்தும் மீற்றருக்கு மாறியது. அதன் பிறகு நிகழ்ச்சி ஓடும் நேரத்தை ஒரு கோடாக வரைந்து பார்க்கலாம், எங்கே ஆள் கரைகிறது என்று தெரியும். அதிகம் கரைந்த இடம் இரண்டு நிகழ்ச்சிகளுக்கு இடையில். முடிவுப் பெயர் ஓட்டம், பிறகு விளம்பரம், பிறகு அடுத்ததின் பாட்டு என்று வரிசையாக மூன்று முறை ரிமோட்டை எடுக்கச் சொல்லுகிறோம், எடுக்காமல் என்ன செய்வார்கள்?

1994இல் என்.பி.சி. சனல் அந்த இடத்தை இழுத்துத் தைத்தது. பெயர் ஓட்டத்தைத் திரையின் ஒரு பக்கத்துக்கு ஒதுக்கி மறுபக்கத்தில் அடுத்த நிகழ்ச்சிக்கான துண்டைப் போட்டார்கள். இரண்டு நிகழ்ச்சிக்கும் நடுவில் இருந்த விளம்பரத்தை எடுத்து நிகழ்ச்சிக்கு உள்ளே போட்டார்கள். ஒன்று முடிந்ததும் அடுத்ததின் முதற்காட்சி நேராக வரும், தலைப்பு பிறகு. மற்றச் சனல்களும் பின்னாலே வந்தன.

இதில் விளம்பர நேரம் குறைந்தது என்று நினைக்காதீர்கள். அது இடம் மாறியது, அவ்வளவுதான். வெளியே இருந்த இடைவேளை உள்ளே வந்ததால் கதை எழுதுபவர் கூடுதலாக ஓரிடத்தில் கதையை முறிக்க வேண்டும். முறிக்கும் ஒவ்வோர் இடத்திலும் யாராவது அதிர்ச்சி அடைய வேண்டும், இல்லையென்றால் ஆள் போய்விடும். எங்கள் மேசையில் ஒரு அத்தியாயம் வந்தால் நாங்கள் முதலில் பார்த்தது கதையை அல்ல, முறிகிற இடத்தை. அங்கே கேள்வி தொங்காவிட்டால் திருப்பி அனுப்புவோம்.

பாலையூற்றான் | ஜூன் 13

நேற்று இரவு ஹோல் கடிகாரத்தைச் சரியாக வைத்துவிட்டு, கையில் கொப்பியோடு ஒரு தமிழ்நாட்டுச் சனலின் எட்டு மணி நாடகத்துக்கு முன்னால் இருந்தேன். மனைவி, "கதையைப் பாருங்கோ, கடிகாரத்தைப் பார்க்கிறீங்கள்" என்றாள். குறித்ததை அப்படியே தருகிறேன்.

8:00. முந்திய நாடகம் முடியவில்லை. மாமியார் ஒரு கடிதத்தைக் கையில் எடுக்கிறார்.

8:02. கடிதத்தைப் பிரிக்கிறார், முகம் உறைகிறது, 'தொடரும்'. விளம்பரம் இல்லை, அறிவிப்பு இல்லை. நேரே அடுத்த நாடகம், நேற்றைய கடைசிக் காட்சியின் அரை நிமிடம் திரும்ப ஓடுகிறது.

8:05. இப்போதுதான் தலைப்பு. பாட்டின் ஒரு வரி. ஒரு இருமல் இருமி முடிப்பதற்குள் போய்விட்டது.

8:11. கதாநாயகி கதவைத் திறக்கிறாள், வெளியே நிற்பவரைக் காட்டாமல் மூன்று பேரின் முகத்தைக் காட்டுகிறார்கள். இடைவேளை.

8:14. திரும்பி வந்து கதவு திறப்பதையே மறுபடி காட்டுகிறார்கள். வெளியே நிற்பது தம்பி. இது வெளியாகும்போது கடிகாரம் 8:15ஐத் தாண்டுகிறது. அக்கா சொன்ன கட்டம்!

8:21. இரண்டாவது இடைவேளை, இந்த முறை தம்பி கையில் ஒரு பை.

8:24. திரும்பி வருகிறது, மறுபடி பை.

8:30. நாடகம் இன்னும் ஓடுகிறது.

8:31. காட்சி உறைகிறது, நாளைய காட்சிகள் சில நொடி, அடுத்த நாடகத்தின் முதற்காட்சி.

இதில் எனக்குச் சுவையாகப் பட்டது எட்டரை. சுற்றி இருக்கும் மற்றச் சனல்களின் நாடகம் எட்டரைக்குத் தொடங்கியிருக்கும். நான் 8:31க்கு விடுதலையாகி அங்கே போனால் முதற்காட்சி போய்விட்டது. இங்கேயே அடுத்தது சூடாக ஓடுகிறது. சரி இருப்போம் என்று இருந்துவிடுகிறேன். கதவை அவர்கள் பூட்டவில்லை, ஆனால் வெளியே பஸ் போய்விட்டது.

உவர்மலைக்காரி | ஜூன் 13

இந்த வித்தைக்கு வயது கூட. அமெரிக்காவில் டெட் ரேர்னரின் ரி.பி.எஸ். சனல் 1981இலேயே நிகழ்ச்சிகளை மணிக்கு ஐந்து நிமிடம் பிந்தித் தொடங்கியது. நிகழ்ச்சி அட்டவணையில் 7:05, 7:35 என்று தனி வரியில் விழும், கண்ணுக்குப் படும். மற்றச் சனலில் ஒன்றைத் தேடிப் பிடிக்காதவர் இங்கே வந்தால் இன்னும் தொடங்கவில்லை. இங்கே இருந்தவர் வெளியே போனால் அங்கே தொடங்கிவிட்டது.

நீங்கள் குறித்த 8:15 பற்றி ஒரு எச்சரிக்கை. இந்தியாவில் மீற்றர் வைத்துத்தான் அளக்கிறார்கள், நாட்குறிப்புக் கட்டம் அங்கே இல்லை. ஆகவே அது கணக்குப் போட்டு வைத்ததா, கைப்பழக்கமா, தற்செயலா என்று ஒரு இரவைப் பார்த்துச் சொல்ல மாட்டேன்.

இடைவேளை இரண்டும் மும்மூன்று நிமிடம் என்று குறித்திருக்கிறீர்கள். இந்திய விதிப்படி ஒரு மணிக்கு 12 நிமிடம்தான், அதில் 10 விளம்பரத்துக்கு, 2 சனலின் சொந்த முன்னோட்டத்துக்கு. அரை மணிக்கு ஆறு. உங்கள் கடிகாரம் சரி.

துறைமுக வீதி | ஜூன் 13

அண்ணை, மூன்று பேரின் முகத்தைக் காட்டுவது நேரம் போக்கத்தான். கதை இல்லை, அதனால் முகத்தைப் பெரிதாக்கி இழுக்கிறார்கள். ரிமோட்டுக்கும் இதற்கும் என்ன?

பாலையூற்றான் | ஜூன் 14

நேரம் போக்குவதும் உண்டு, கிழமைக்கு ஐந்தாறு நாள் எடுக்க வேண்டும், முகம் எடுப்பது மலிவு. ஆனால் எங்கள் ஒழுங்கைக் கதைக்கு இங்கேதான் திரும்பி வருகிறேன்.

தாவி வருகிற ஒருவர் ஒரு சனலில் எவ்வளவு நேரம் நிற்பார்? இரண்டு மூன்று நொடி. அதற்குள் இது எந்தச் சனல், என்ன நாடகம், யாருக்கு யார் மேல் கோபம் என்று அவருக்கு விளங்க வேண்டும். தூரத்தில் நாலு பேர் நின்று கதைக்கும் காட்சி அவரைப் பிடிக்காது. திரை முழுக்க அழும் முகமும் பின்னால் அடிக்கும் இசையும் பிடிக்கும். மூலையில் சனலின் சின்னம் எப்போதும் நிற்பது அவருக்காக. "நீ என் புருசனின் தம்பி என்பதால் பொறுத்துப் போகிறேன்" என்று ஒருத்தி பேசுகிறாளே, வீட்டில் எந்த அண்ணி அப்படிப் பேசுவாள்? அந்த உறவு தம்பிக்குத் தெரியும். தெரியாதது இப்போதுதான் தாவி வந்த ஆளுக்கு.

வயரில் வந்த நாடகத்தை நாங்கள் அறுந்து அறுந்து பார்த்தபோது அப்படிப்பட்ட வசனங்களால்தான் தப்பினோம். ஆரம்பத்திலிருந்து பார்த்தவருக்கு அது அலுப்பு. நடுவில் வந்தவருக்கு அது கைகாட்டி மரம். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் எழுத வேண்டியிருக்கிறது, எழுதுகிறவர்கள் வந்தவர் பக்கம் சாய்ந்துவிட்டார்கள்.

கிண்ணியா வாத்தியார் | ஜூன் 14

எங்கள் உம்மா அப்படி இல்லை. ஒரு சனல் போட்டால் அதுதான் இரவு முழுக்க. ரிமோட் அவ மடியில் இருக்கும், தஸ்பீஹ் உருட்டும் கையால் தொடமாட்டா. நாடகம் முடிந்தாலும் அடுத்தது என்னவென்று பார்ப்பா. விளம்பரத்துக்கும் எழும்பமாட்டா. தாவுகிறவன் என் மகன். வீட்டில் நாலு பேரில் ஒருவன் தாவுகிறான், அவனுக்காக நாலு பேருக்கும் பாட்டை வெட்டிவிட்டார்கள் என்றுதானே ஆகிறது?

உவர்மலைக்காரி | ஜூன் 15

அப்படியே ஆகிறது வாத்தியார். எப்படியும் இருக்கப்போகும் உங்கள் உம்மாவுக்காக நாங்கள் எதுவும் செய்யத் தேவையில்லை. போகக்கூடியவருக்காகத்தான் மேசையில் வேலை நடக்கும். ஒரு உதாரணம் சொல்லுகிறேன். பாட்டுப் போட்டி நிகழ்ச்சி ஒன்றைத் தொகுத்தோம். ஒரு பிள்ளை பாடி முடித்து நடுவர் வாயைத் திறக்கிறார், இடைவேளை. திரும்பி வந்ததும் அந்தப் பாட்டின் கடைசி அடி மறுபடி, பிறகு நடுவர். முழுப் பாட்டையும் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு அது திரும்பச் சொல்லல். இடைவேளையில் வேறெங்கோ போய் வந்தவருக்கும், வேறு சனலின் இடைவேளையில் எங்களிடம் தப்பி வந்தவருக்கும் அது தேவை. ஒரு மணி நிகழ்ச்சியில் இந்த முன்னோட்டமும் மீள்காட்டலும் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று பார்த்தால் உள்ளே பாட்டுக்கு மிஞ்சுவது குறைவு. பிள்ளைகள் அரைப் பாட்டுப் பாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான் அதற்கு எதிராகப் பேசவும் செய்தேன். "கோட்டைப் பாருங்கள், இந்த இடத்தில் இறங்குகிறது" என்று தாளைக் காட்டுவார்கள். தாளோடு வாதாட முடியாது.

நிலாவெளி ஐயா | ஜூன் 15

துடைத்துப் பூட்டினேன் தம்பி, ஏற்றும் பொத்தான் வேலை செய்கிறது. ஆனால் இப்போது பார்க்கிறேன், ஏற்றினாலும் இறக்கினாலும் ஒவ்வொரு சனலும் வர ஒரு கறுப்பு விழுகிறது. பழைய பெரிய ரிவியில் டக் டக் என்று வரும். இதுவும் ரிமோட்டின் குறையா?

பாலையூற்றான் | ஜூன் 16

இல்லை ஐயா, இது எல்லாருக்கும் உள்ளது. பழைய அன்ரனாப் படத்தில் ரியூனர் அலையைப் பிடித்தவுடன் படம் வந்துவிடும், வந்து சேர்வதெல்லாம் முழுப்படம்தான். டிஜிட்டலில் இடத்தை மிச்சப்படுத்த முழுப்படத்தை இடைக்கிடைதான் அனுப்புகிறார்கள், நடுவில் வருவது முன்படத்திலிருந்து என்ன மாறியது என்ற குறிப்பு மட்டும். நீங்கள் நடுவில் போய் நுழைந்தால் அடுத்த முழுப்படம் வரும் வரை பெட்டி காத்திருக்கும். அதற்கு முன்னால் சனலின் விபரப் பட்டியலை வாசிக்க வேண்டும், காசுச் சனல் என்றால் பூட்டுத் திறக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து ஒன்று இரண்டு நொடி. உங்களுக்கு இருநூறு சனல் இருந்தால் முழுச் சுற்று வரக் கறுப்பு மட்டும் ஐந்து நிமிடத்தைத் தின்றுவிடும்.

இதை எழுதும்போதுதான் யோசிக்கிறேன். சனல் பெருகியதால் தாவல் பெருகியது என்று முதலில் எழுதினோம். இரண்டு சனலில் தாவவில்லை, இருபதில் தாவினோம், இருநூறில் மறுபடி தாவுவதில்லையோ? என் வீட்டில் நாலைந்து எண்களை மனப்பாடமாக அமர்த்துகிறோம், மற்றவற்றில் என்ன ஓடுகிறது என்றே தெரியாது.

துறைமுக வீதி | ஜூன் 16

நாங்கள் ரிவியே போடுவதில்லை அண்ணை. கைபேசியில் விரலால் தள்ளுகிறோம், அங்கே கறுப்பு விழாது.

உவர்மலைக்காரி | ஜூன் 17

கைபேசி வேறு கதை, அதற்குத் தனி இழை திறவுங்கள்.

பாலையூற்றான் சொன்ன இருநூறு பற்றி. தாவல் மெதுவானதும் சண்டை சனல் எண்ணுக்கு மாறியது. பக்கத்து எண் யாருடையது என்பது முக்கியமானது, ஏனென்றால் இப்போதும் தாவுபவர்கள் தமிழ் சனல் வரிசைக்குள்தான் ஏறி இறங்குகிறார்கள். வரிசையின் நடுவில் இருந்தால் இரண்டு பக்கத்தாலும் ஆள் வரும். அதோடு, பெட்டியைப் போட்டவுடன் முதலில் தானாக வரும் சனல் எது என்பதற்கு இந்தியாவில் சனல்கள் காசு கொடுக்கத் தொடங்கின. பார்ப்பவர் வேறு எண்ணை அமர்த்துவதற்குள் சில நொடி அந்தச் சனலுக்கு வரவாகும் என்பது கணக்கு. 2018இல் ஒழுங்குபடுத்தும் ஆணையம் அதை நிறுத்தச் சொன்னது, அடுத்த வருடம் தீர்ப்பாயம் அந்த உத்தரவை நீக்கியது. நிகழ்ச்சியை மாற்றி ஆளைப் பிடிப்பதை விடப் பெட்டியின் முதற்பக்கத்தை வாங்குவது சுகம் என்று ஆகிவிட்டது.

கிண்ணியா வாத்தியார் | ஜூன் 17

அப்படியென்றால் சனல் எண்ணையும் முதற்பக்கத்தையும் வாங்கியவர்கள் பாட்டைத் திருப்பித் தரலாமே? தாவுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று நீங்களே சொல்லுகிறீர்கள்.

பாலையூற்றான் | ஜூன் 18

தரமாட்டார்கள் வாத்தியார். அக்காவின் தாளில் இப்போது அந்த இடத்தில் கோடு இறங்குவதில்லை. இறங்காத இடத்தில் கைவைத்து, பாட்டை நீட்டிப் பார்ப்போமே என்று எந்த மேசையில் யார் கேட்பார்கள்? முழுப் பாட்டு வேண்டும் என்றால் இணையத்தில் தனியாக ஏற்றி வைத்திருக்கிறார்கள், உம்மாவுக்கு மகன் போட்டுக் கொடுக்கட்டும். ஆனால் அக்காவிடம் எனக்கு ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது: 8:31 என்று பிந்தி முடிப்பது எல்லாச் சனலும் செய்தால் யாருக்கும் ஆதாயம் இல்லையே, அப்போது அடுத்தவர் 8:33க்குப் போவாரா?

உவர்மலைக்காரி | ஜூன் 18

போயிருக்கிறார்கள். நாங்கள் ஒருமுறை பிந்திப் பிந்தி ஒன்பது மணிச் செய்தியை இடித்துவிட்டோம். செய்திப் பிரிவிலிருந்து இறங்கி வந்து சத்தம் போட்டார்கள். மறுநாள் நாடகத்தில் ஒரு சண்டைக் காட்சியை வெட்டித்தான் நேரத்தைத் திருப்பினோம்.